கடைசிப் புள்ளிக்குச் சொல் இல்லை

அனோஜினி வென்றவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் தானாகச் சொல்லமாட்டாள்.

பதினொரு வயதில், தண்ணீர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் லண்டன் நோர்பரிப் பள்ளிக்கூடமொன்றின் கடைசி வாங்கில் இருந்தவள், பதினாறு வயதில் ஆங்கிலப் பரீட்சையில் நல்ல சித்தி பெற்றாள். குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டடத்துக்கு முன்னால் தாயோடும் அக்கா ஜெயகௌரியோடும் பல குளிர்காலங்கள் வரிசையில் நின்று, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியை வென்றாள். பாதியில் நின்றுபோன கல்லூரிப் படிப்பை, பாரிசவாதம் வந்து கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டே முடித்தாள். தாய் போன பிறகு வாடகையை அக்காவோடு சரிபாதி சுமந்தாள்.

இவ்வளவையும் திக்குவாயோடு வென்றாள். தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிடுவது போல இருக்கும் என்று ஒருமுறை அக்காவுக்கு எழுதிக் காட்டியிருக்கிறாள். உலகத்தில் அவளுக்குச் சொல்லக் கடினமான சொல் அவளுடைய சொந்தப் பெயர்தான். வேறு சொல் வராவிட்டால் அதே கருத்துள்ள இன்னொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்றுப் பெயர் கிடையாது. ஹவுன்ஸ்லோவில் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, வரவேற்பு மேசையில் இருந்தவள் சிரித்துக்கொண்டு, “பெயரை மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டாள். அனோஜினி திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பேச வராத அவள், மற்றவர்கள் பேசுவதற்கு எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கினாள். அந்த வேலை இன்னதென்று சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும்.

நோர்பரி பெரிய தெருவில் ‘சண்முகராசா பாத்திரக்கடை’ என்ற பெயர்ப்பலகை உண்டு. புட்டுப்பானை, இடியப்பத் தட்டு, தேங்காய் திருவும் திருவலை, மா அரிக்கும் அரிதட்டு, புட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டி என்று ஒரு யாழ்ப்பாணக் குசினிக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர் சண்முகராசா முன்னால் நிற்பார். மனைவி கலாவதி பின்னறையில் சாமான் பிரித்து அடுக்குவார். அனோஜினி அங்கே பார்சல் கட்டுகிறவளாகத்தான் சேர்ந்தாள். இணையச் சந்தையிலும் கடை போட்டிருந்தார்கள். பேர்மிங்காமிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஓடர் வரும்.

பிறகு அந்தச் சந்தையில் வீடியோ வந்தது. கடைக்காரர் சாமானைக் காட்டிப் பேசுவார். பார்க்கிறவருக்குத் திரையில் அந்தச் சாமானின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். புள்ளியில் விரல் வைத்தால் அந்தச் சாமானை வாங்கும் பக்கம் திறக்கும். சண்முகராசாவின் அக்கா மகன் யனுஷன், கம்பியூட்டர் படித்தவன், “மாமா, இனி இதுதான் வியாபாரம்” என்றான். கலாவதியைப் பேசச் சொன்னார்கள். அவருக்குப் பேச்சுப் பஞ்சம் இல்லை.

முதல் வீடியோ பெரும் கூத்தாகிவிட்டது. கலாவதி பேசுவது குசினியில் பேசுவது மாதிரி. புட்டுப்பானையைத் தூக்கி வைத்துக்கொண்டு தேங்காய்ப்பூவுக்குப் போவார். அங்கிருந்து திருவலைக்குப் பாய்வார். நடுவில் அரிதட்டைத் திட்டுவார். புள்ளியோ புட்டுப்பானையிலேயே நின்றது. “இதுக்கு ஈடா ஒண்டும் இல்லை” என்று அவர் திருவலையைப் புகழ்ந்த நேரத்தில் விரல் வைத்தவர்களுக்கெல்லாம் புட்டுப்பானை போய்ச் சேர்ந்தது. அடுத்த கிழமை திருப்பி அனுப்பிய பெட்டிகள் பின்னறைக் கதவை மறைத்து நின்றன.

“நான் என்ன செய்ய? வாய் போற பக்கம் புள்ளி வராதாமோ?” என்றார் கலாவதி.

“புள்ளிக்கு வாய் இல்லை மாமி. அதுக்கு நேரமும் இடமும்தான் தெரியும்” என்றான் யனுஷன்.

அந்தப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கியது அனோஜினி. அடுக்கிக்கொண்டே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். கலாவதி எந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னும் விரல் முட்டியால் அதை இரண்டு தட்டுத் தட்டினார். சந்தையில் சட்டி வாங்கும் பெண்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே பழக்கம். சில்வரானாலும் பிளாஸ்டிக்கானாலும் தட்டு நிச்சயம். தட்டு, ஒரு மூச்சு, பிறகு பெயர். ஒருமுறையும் பிசகவில்லை.

அடுத்த நாள் பார்சல் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் திரையில் தெரிவது, நடுவில் கலாவதி சொல்வது, மறுபக்கம் புள்ளி. தட்டும்போது புள்ளி பிறக்க வேண்டும். பெயர் சொல்லும்போது அது சாமானின் மேலேயே நிற்க வேண்டும். பெயர் சொன்ன பிறகும் கை அசையாமல் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். பார்க்கிறவர் கண்டு, யோசித்து, விரலைக் கொண்டுபோக நேரம் வேண்டுமல்லவா? புள்ளி மறைந்த பிறகுதான் அடுத்த சாமானுக்குப் போகலாம். திரையின் அடிப்பக்கத்தில் எழுத்து ஓடும், வலது ஓரத்தில் பொத்தான்கள் நிற்கும். அந்த இடங்களில் சாமானை வைக்கக்கூடாது. கையிருப்பு முடிந்த சாமானின் பெயரை வாயில் எடுக்கவே கூடாது. தொட்டவருக்கு ‘இல்லை’ என்ற பக்கம் திறந்தால் அவர் திரும்பி வரமாட்டார்.

இவ்வளவு யோசித்தவளும் முதல் முறை பிழைவிட்டாள். போனின் திரைப்பக்கத்துக் கமராவால் எடுத்து, திரையில் தெரிந்ததைப் பார்த்துப் புள்ளிகளுக்கு இடம் குறித்தாள். அந்தத் திரை கண்ணாடி மாதிரி வலதை இடதாகக் காட்டும். பதிவாகும் படமோ நேராக இருக்கும். புள்ளிகள் எல்லாம் வெறும் சுவரில் போய் நின்றன. கலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நான் வலக்கையாலதான் குடுத்தனான் பிள்ளை. உன்ர போன் ஒழுங்கு தெரியாமல் இடக்கையால வாங்குது.”

அனோஜினியும் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்ததை அந்தக் கடையில் அன்றுதான் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு கலாவதி பேசியதெல்லாம் அனோஜினி எழுதியது. எழுதியது என்றாலும் கலாவதியின் வாயிலிருந்தே எடுத்து எழுதியது. ‘மாமி, புட்டு உதிர உதிர வரவேணுமெண்டால் என்ன செய்வியள்’ என்று எழுதிக் காட்டிக் கேட்பாள், கலாவதி சொல்வார், அதில் வேண்டியதை எடுத்து, மூச்சு விடும் இடத்தில் கோடு போட்டு, தட்டு வரும் இடத்தில் இரண்டு புள்ளி வைத்து, திருப்பிக் கொடுப்பாள். “இது நான் கதைக்கிற மாதிரியே இருக்கு. ஆனால் நான் இவ்வளவு கெட்டிக்காரியில்லை” என்பார் கலாவதி. பெட்டிகள் திரும்பி வருவது நின்றது. மற்றக் கடைக்காரர்களும் அனோஜினியைத் தேடி வந்தார்கள். டூட்டிங்கில் சேலைக்கடை, ஹவுன்ஸ்லோவில் நகைக்கடை. எழுதிய தாள்களில் அவள் ஒருபோதும் பெயர் போட்டதில்லை. ‘பாத்திரக்கடைப் பிள்ளை எழுதினது’ என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

கலாவதியிடம் அவளுக்குப் பிடித்தது வேறொன்று. அனோஜினி ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றால், மற்றவர்கள் பாவப்பட்டு அந்தச் சொல்லைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். கலாவதி முடிக்கமாட்டார். முகத்தையும் பார்க்கமாட்டார். கையில் இருக்கும் வேலையைச் செய்துகொண்டே இருப்பார். சொல் வந்து சேர்ந்ததும் பதில் சொல்வார். பஸ் வரும்வரை நிற்கிறவர்கள் போல.

கடைசிப் புள்ளியின் கதைக்கு வருவோம்.

ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் ஒரு புள்ளி கடைக்கென்று உண்டு. தொட்டால் கடையின் முழுப் பக்கமும் திறக்கும். அங்கே கடையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அனோஜினி எழுதியிருந்தாள். கலாவதி அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“இது ஏலாது பிள்ளை.”

அனோஜினி நிமிர்ந்து பார்த்தாள்.

“கடைக்குப் பேர் வைச்ச மனிசன் தன்ர பேரையெல்லே வைச்சிருக்கிறார். நான் எப்பிடிச் சொல்லுறது?”

கட்டின நாள் முதல் அவர் கணவனின் பெயரை வாயால் சொன்னதில்லை. ‘இஞ்சாருங்கோ’தான். கணவன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று சின்ன வயதில் கேட்டது. இப்போது அதை நம்புகிறாரா என்றால், அதுவும் இல்லை. “நம்பிக்கை எண்டில்லை. இவ்வளவு நாளும் பொத்தி வைச்சிட்டு இப்ப இன்டர்நெட்டில போய்ச் சொல்லுறதோ?” என்றார். முன்கடையில் நின்ற சண்முகராசா அதைக் கேட்டுவிட்டு, “விடு பிள்ளை, அவ சொல்லமாட்டா. கலியாண எழுத்திலயும் எழுதித்தான் காட்டினவ” என்று பெருமையோடு சத்தம் போட்டார்.

அனோஜினி யோசித்து ஒரு வழி கண்டாள். சின்ன மரப்பலகையில் கடையின் பெயரை எழுதி மேசையில் நிறுத்தினாள். கலாவதி வீடியோவின் முடிவில் அந்தப் பலகையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்த மௌனத்தில் புள்ளி வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது அனோஜினி தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். இந்த ஒரு புள்ளிக்கு மட்டும் சொல் இல்லை. தாளில் அந்த வரியில் ‘தட்டு’ என்று எழுதி, நடுப்பக்கத்தை வெறுமையாக விடுவாள்.

கலாவதிக்கு வயிற்று நோ வந்தபோது முதலில் எவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சண்முகராசா கடையை விட்டு வரமுடியாத ஒரு நாள் அனோஜினிதான் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தாதி, கணவனின் பெயர் என்ன என்று கேட்டாள். கலாவதி அனோஜினியைப் பார்த்தார். அனோஜினி வாயைத் திறந்தாள். ‘ச’ என்பதற்கு மேல் வரவில்லை. தாதி பேனாவோடு காத்துக்கொண்டு நின்றாள்.

“நல்ல சோடி. ஒருத்தி சொல்லமாட்டாள், மற்றவளுக்குச் சொல்ல வராது” என்றார் கலாவதி. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கடைசியில் அனோஜினி போனில் கடையின் படத்தை எடுத்து, பெயர்ப்பலகையின் ஆங்கில எழுத்தைக் காட்டினாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டொக்டர் கூப்பிட்டார். உள்ளே போய் வெளியே வந்தபோது சிரிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

வைத்தியத்துக்கு நடுவிலும் கலாவதி வீடியோ செய்ய வந்தார். மூச்சு குறைந்துகொண்டு போனது. அனோஜினி வசனத்தைக் குறைத்துக்கொண்டு போனாள். முன்பு ஒரு சாமானுக்கு நான்கு வசனம், பிறகு இரண்டு, பிறகு தட்டும் பெயரும் மட்டும். மூச்சு வாங்கும் நேரமெல்லாம் புள்ளி நின்றது. பார்க்கிறவர்களுக்கு அது நோய் என்று தெரியாது. அவசரமில்லாமல் ஆறுதலாகப் பேசுகிற அம்மா என்று கீழே எழுதினார்கள். கடைசியாக நீத்துப்பெட்டியைத் தட்டினார். ஓலைப்பெட்டியில் என்ன சத்தம் வரும்? சருகு மிதிபட்டது மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு பலகையில் இரண்டு தட்டு, சிரிப்பு.

நவம்பரில் கலாவதி போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் சிலர் அவரை நேரில் கண்டதேயில்லை. வீடியோவில் பார்த்தவர்கள். முப்பத்தோராம் நாள் முடிந்து சண்முகராசா கடையைத் திறந்தார். முன்கடையில் நிற்பார், ஆள் வந்தால் சாமான் கொடுப்பார், ஆள் போனதும் பின்னறைப் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொள்வார்.

தைமாதம் புதுச் சரக்கு வந்தது. பாத்திரம் செய்து அனுப்பிய பழைய ஆட்கள் தொழிலை விட்டுவிட்டார்கள். வேறிடத்திலிருந்து வந்த புட்டுப்பானைக்கு மூடி வேறு, பிடி வேறு. பழைய சாமான் முடிய முடிய அதன் பக்கங்கள் மூடப்பட்டன. கலாவதியின் வீடியோக்களில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வெறும் பக்கத்துக்குப் போகத் தொடங்கின. பழைய வீடியோவிலேயே புதுப் பானையைக் கொளுவிவிடவும் முடியாது. திரையில் காட்டுகிற சாமானும் விற்கிற சாமானும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சந்தையின் விதி. ஒன்றில் வீடியோவை எடுக்க வேண்டும், அல்லது புதிதாகச் செய்ய வேண்டும்.

யனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியூட்டரோடு வந்தான்.

“மாமியின்ர குரல் எங்களிட்டை எவ்வளவு மணித்தியாலம் இருக்கு தெரியுமோ? அதை வைச்சு எந்த வசனத்தையும் மாமி சொல்லுற மாதிரிச் செய்யலாம். படத்தில அனோஜினி அக்காவின்ர கை வந்தால் காணும்.”

அனோஜினி சண்முகராசாவைப் பார்த்தாள். வேண்டாம் என்பார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் பல கிழமைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

“நீ எழுது பிள்ளை. நீ எழுதினால் அவ சொல்லுவா.”

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எழுதிக் காட்டினாள். ஜெயகௌரி படித்துவிட்டு, “உனக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டாள். ‘எனக்கும் மாமியைக் கேக்கவேணும் போல இருக்கு’ என்று எழுதினாள். அதுதான் உண்மை. எழுத உட்கார்ந்தபோது வசனம் தானாக வந்தது. புதுப் பானையைப் பற்றிக் கலாவதி என்ன சொல்வார், எங்கே மூச்சு வாங்குவார், எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பானையைக் கலாவதி தட்டிப் பார்க்கவில்லையே என்ற எண்ணம் ஒரு தரம் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு எழுதினாள். கடைசி வரியில் வழக்கம்போல ‘தட்டு’ என்று போட்டு, நடுப்பக்கத்தை வெறுமையாக விட்டாள்.

இரண்டு கிழமையில் வீடியோ தயார். பின்னறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். யனுஷன் போட்டான்.

“வாங்கோ பிள்ளையள்” என்றது குரல்.

அதே குரல். அதே இழுவை. அனோஜினியின் கைகள் திரையில் புதுப் பானையைத் தட்டின, புள்ளி வந்தது, கலாவதி பெயர் சொன்னார், புள்ளி நின்றது. எல்லாம் பிசகில்லாமல் பொருந்தியது. இடியப்பத் தட்டு. அரிதட்டு. சண்முகராசா வாயில் துவாயை வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் பலகை வந்தது. அனோஜினியின் விரல் இரண்டு தட்டுத் தட்டியது. புள்ளி வந்தது.

“சண்முகராசா பாத்திரக்கடை” என்றது கலாவதியின் குரல்.

சண்முகராசா வாயிலிருந்த துவாயை எடுத்தார்.

“அந்த இடத்தில வசனம் விடுபட்டிருந்தது அக்கா,” என்றான் யனுஷன். “ஒவ்வொரு புள்ளிக்கும் சொல் வேணுமெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். நான் போட்டுவிட்டன்.”

அவன் இங்கே பிறந்தவன். மாமி மாமாவை எப்படிக் கூப்பிடுவார் என்பதை அவன் கவனித்ததே இல்லை. நல்லதென்று நினைத்துத்தான் செய்தான்.

“அதை இன்னொருக்கா போடு” என்றார் சண்முகராசா.

போட்டான்.

“இன்னொருக்கா.”

மறுபடியும் அவர் மனைவி அவர் பெயரைச் சொன்னார். சண்முகராசாவின் கண்ணால் நீர் ஓடியது, வாய் சிரித்தது. “வாழ்க்கை முழுக்கச் சொல்லேல்லை. இப்ப சொல்லுறா” என்றார். “நல்லாயிருக்கு. இப்பிடியே விடு. இதையே போடு.”

அனோஜினி வாயைத் திறந்தாள். கதவு சாத்திக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

“ஓகே எண்டு சொல்லுறா மாமா” என்றான் யனுஷன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மேசையில் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதிக் காட்டலாம், தாளும் பேனாவும் பக்கத்திலேயே இருந்தன. அவள் எடுக்கவில்லை. சொல்லவே நின்றாள்.

“மா... மாமி சொல்லேல்லை.”

“அவவின்ர குரல்தானே பிள்ளை?”

“கு... குரல் மாமியின்ர. மாமி அதைச் சொல்லாமல் வைச்சிருந்தவ. நா... நாங்கள் எடுக்கக்கூடாது.”

சண்முகராசா எழும்பினார். அவரை அவ்வளவு கோபத்தோடு அவள் கண்டதில்லை. “உனக்கென்ன தெரியும்? வீட்டை போனால் ஒரு சத்தம் இல்லை. கேத்தில் கொதிக்கிற சத்தம் மட்டும்தான். நீ இரண்டு கோடு கிழிச்சுப் போட்டு வந்து எனக்குச் சட்டம் சொல்லுறியோ?” என்றார். முன்கடையில் மணி அடித்தது, யாரோ வந்திருந்தார்கள். அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நெத்தலி பொரிக்கிற தாச்சி இருக்கிறதா என்று ஒரு பெண் கேட்பதும், அவர் விலை சொல்வதும் கேட்டது. அனோஜினி குளிர்க்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இந்த வேலை இன்றோடு சரி என்று நினைத்தாள்.

அவர் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

“யனுஷன், அவ கடைசியாச் செய்தது இருக்கோ? அந்த ஓலைப்பெட்டி.”

அவன் தேடிப் போட்டான். மெலிந்த கலாவதி. சருகு மிதிபட்ட மாதிரி ஒரு தட்டு. பெயர். நீண்ட மூச்சு. பிறகு பலகை. தட்டு, தட்டு. கலாவதி ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். பார்க்கிறவர்களைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலே, பின்னால் நின்ற யாரையோ பார்த்தார். அன்றைக்குப் போனுக்குப் பின்னால் நின்றவர் சண்முகராசாதான்.

புள்ளி வந்து, நின்று, மறைந்தது.

“மற்றதை அழிச்சுவிடு தம்பி” என்றார் சண்முகராசா.

“முழுக்கவோ மாமா? பேர் வாற இடத்தை மட்டும்...”

“முழுக்க. அவ தட்டாத சாமானுக்கு அவவை ஏன் சாட்சிக்கு இழுப்பான்?”

யனுஷன் அழித்தான். குரலைச் செய்து வைத்திருந்ததையும் அழித்தான். அதற்குப் பிறகு அனோஜினிக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. பழைய வீடியோக்களைச் சந்தையிலிருந்து இறக்கும் வேலை. அதை வேறொருவரிடமும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் கடைசி வரை பார்த்தாள். இரண்டு தட்டும் முடிந்த பிறகு இறக்கினாள். படங்களைச் சண்முகராசாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். நீத்துப்பெட்டி மட்டும் சந்தையில் இருந்தது, சரக்கு இருந்ததால். மாசிக் கடைசியில் கார்டிஃபிலிருந்து ஓடர் வந்து கடைசிப் பெட்டியும் போனது. அதைப் பார்சல் கட்டியவளும் அவள்தான். கட்டுவதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

புது வீடியோவை அவள் குரலில்லாமல் எழுதினாள். தன் கை, தட்டு, புள்ளி. பெயர் எழுத்தில் மட்டும் வரும், புள்ளி நிற்கும் அவ்வளவு நேரமும். நடுப்பக்கம் முழுவதும் வெறுமை. அது பழையபடி விற்கவில்லை. ‘அந்த அம்மா எங்கே’ என்று கேட்டுத்தான் கீழே எழுதினார்கள். டூட்டிங் சேலைக்கடைக்காரர் தனக்குக் குரல் செய்து தரும் வேறொருவரிடம் போய்விட்டார். அனோஜினி கிழமையில் சில நாள் மறுபடியும் பார்சல் கட்டுகிறாள். அவள் வென்றவற்றில் ஒன்று பாதியாகிவிட்டது என்று சொல்லலாம். அக்கா அப்படிச் சொல்வதில்லை.

அந்தப் புது வீடியோவுக்கு எழுதிய தாளை அவள் முதலில் மேசையில் வைத்தபோது யனுஷன் எடுத்துப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதில ஒரு வசனமும் இல்லையே அக்கா. எழுதாததுக்கு எழுத்துக்கூலியோ?” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “இது விற்காட்டி மாமா என்னைக் கேப்பார். நீங்கள் எழுதினது எண்டு உங்கட பேரைப் போட்டுவிடுங்கோ” என்றான்.

சண்முகராசா முன்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். அலுமாரியில் தாச்சிகளை அடுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அனோஜினி பேனாவை எடுத்தாள். கடைசி வரியில், பலகைக்கு நேரே, ‘தட்டு’ என்று இருந்தது; பக்கத்தில் வெறுமை இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே தன் பெயரை முழுதாக எழுதி, திகதியும் போட்டாள். தான் எழுதிய ஒன்றின் கீழே அவள் முதன்முதலாகக் கையெழுத்து வைத்த நாள், 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை.